@ அடித்தால் " வருகிறதா?

லேப்டாப்பை பெங்களூரு எஸ்.பி. ரோட்டு ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போகும் முன் Shift + 2 அழுத்திப் பாருங்கள். @ வரவேண்டிய இடத்தில் " வந்தால் கீபோர்டு பழுதில்லை, லேஅவுட் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸை அழுத்தி US லேஅவுட்டுக்கு வாருங்கள், சரியாகிவிடும்.

கீபோர்டு அனுப்புவது எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதை மட்டும்தான். அதற்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது லேஅவுட். தமிழில் டைப் செய்ய அடிக்கடி மொழி மாற்றும் நம்மைப் போன்றவர்களுக்குக் கை தவறி இது மாறுவது சகஜம். பட்டியலில் UK தேவையில்லை என்றால் செட்டிங்ஸில் போய் நீக்கிவிடுங்கள். அப்புறம் தொல்லை இல்லை.

ஒரு கீயை அழுத்தினால் எதுவுமே வராவிட்டால் இது உதவாது. வெளி யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகி அதே கீயை அழுத்துங்கள். அதில் எழுத்து விழுந்தால், கடைக்குக் கிளம்பலாம்.