அரசு ஏன் வரி போடுகிறது? நாம் தப்பாகப் போடும் சில கணக்குகள்

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருநாள், "வரி கட்டுறதெல்லாம் உங்களை மாதிரி ஆபீஸ் போறவங்க சார், நமக்கு என்ன வரி?" என்றார். அன்று காலையில்தான் தன் போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்திருந்தார். அதில் கம்பெனிக்குப் போவது 253 ரூபாய் 39 காசுதான். மீதி 45 ரூபாய் 61 காசு ஜிஎஸ்டி, அதாவது 18 சதவீதம். பாதி மத்திய அரசின் கணக்கில், பாதி மாநில அரசின் கணக்கில் சேரும்.

வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சாலை போடவும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் அரசுக்குப் பணம் வேண்டும். அதை வருமானத்திலிருந்து மட்டும் எடுக்க முடியாது. இந்தியாவில் பெரும்பாலோருக்கு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாத்தியம் கிடையாது. கையில் கூலி வாங்குபவரின் வருமானத்தை அளப்பதும் கடினம். வாங்கும் பொருளின் விலையோடு சேர்த்து வாங்கிவிட்டால் யாரும் தப்ப முடியாது. வரியின் முதல் வேலையான நிதி திரட்டலுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் இதில் ஒரு கோளாறு இருக்கிறது. மாதம் 12,000 சம்பாதிப்பவரும் 1,20,000 சம்பாதிப்பவரும் அதே ரீசார்ஜுக்கு அதே 45 ரூபாய் 61 காசுதான் கட்டுகிறார்கள். வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் ஏழையின் சுமை பத்து மடங்கு. இதை ஓரளவு ஈடுகட்டத்தான் வருமான வரியில் படிப்படியாக விகிதம் ஏறுகிறது. இருப்பவரிடம் கூடுதலாக வாங்கி இல்லாதவர் பக்கம் திருப்புவது வரியின் இரண்டாவது வேலை.

இங்கேதான் அடுத்த தவறு. "சம்பள உயர்வு வந்தா 15 சதவீத ஸ்லாபுக்குப் போயிடுவேன், மொத்த சம்பளத்துக்கும் 15 சதவீதம் போயிடும்" என்று பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் கணக்குப் போடுவோம். மாதம் 1,20,000 என்றால் ஆண்டுக்கு 14,40,000. சம்பளக்காரருக்கான நிலைக்கழிவு 75,000 போக 13,65,000. இதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. 12 லட்சத்துக்கு மேல் இருக்கும் 1,65,000-க்கு மட்டும்தான் 15 சதவீதம், 24,750. ஆக 84,750, அதன் மேல் 4 சதவீதம் செஸ் சேர்ந்து 88,140. பயந்தவர் போட்ட கணக்குப்படி, செஸ் இல்லாமலே 2,04,750 வந்திருக்கும்.

அந்தப் பயம் ஒரே ஒரு இடத்தில் ஓரளவு நியாயம். நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி முழுதும் இல்லாமல் போகிறது. அதற்குச் சற்று மேலே, ஏறக்குறைய 12,70,000 வரை, கூடுதலாக வரும் தொகை கிட்டத்தட்ட முழுதும் வரியாகவே போய்விடும். அதைத் தாண்டினால் மறுபடி சம்பள உயர்வில் பெரும்பகுதி உங்கள் கையில் நிற்கும்.

அரசு வரியாக வாங்குவதை மட்டும் பார்த்துப் பகிர்வை அளக்கவும் கூடாது. ரேஷன் அரிசியாகவும் பள்ளிச் சத்துணவாகவும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்தால்தான் இஸ்திரி அண்ணனின் கணக்கு முழுமையாகும்.

மூன்றாவது வேலை, நம் பழக்கத்தை மாற்றுவது. இதில் செய்யும் தவறு, நிறைய வசூலானால்தான் வெற்றி என்று எண்ணுவது. 2018 ஏப்ரலில் பிரிட்டன் குளிர்பானச் சர்க்கரைக்கு வரி போட்டது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. தொடக்கத்தில் 5 கிராம் முதல் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராம் முதல் 24 பென்ஸ் என்று இருந்தது. அறிவித்த நாளுக்கும் அமலுக்கும் இடையே இரண்டு ஆண்டு இருந்தது. அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்து 5 கிராமுக்குக் கீழே வந்துவிட்டன. முதல் ஆண்டில் 52 கோடி பவுண்டு வரும் என்று அறிவிப்பின்போது மதிப்பிட்டிருந்தார்கள். வந்தது சுமார் 24 கோடி. கஜானாவுக்கு அது குறைவுதான், ஆனால் வரி போட்ட காரணம் நிறைவேறியது.

இப்போது தமிழ்நாட்டு மதுவைப் பாருங்கள். குடியைக் குறைக்கத்தான் இவ்வளவு வரி என்பார்கள். ஆனால் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அதிலிருந்து மாநிலத்துக்கு வருகிறது. குடி நிஜமாகவே பாதியாகக் குறைந்தால், அந்த வருமானத்திலும் ஏறக்குறைய பாதி போய்விடும்; அதை வேறு எந்த வரியிலிருந்து எடுப்பது என்ற கேள்வி உடனே வரும். ஒரே வரி நிதியும் திரட்ட வேண்டும், பழக்கத்தையும் மாற்ற வேண்டும் என்னும்போது ஒன்று ஜெயிக்க மற்றது தோற்கிறது. அதனால் புதிதாக ஒரு வரி வந்தால், அந்தப் பணத்தைப் பட்ஜெட்டில் எந்தச் செலவுக்கு நம்பியிருக்கிறார்கள் என்று நான் முதலில் பார்ப்பேன்.