சாமை அடை மிக்ஸ்: முதல் ஒரு கிலோ செய்வது எப்படி?

சிறுதானியத் தின்பண்டம் விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முறுக்கு, லட்டு என்றுதான் தொடங்குகிறார்கள். என் யோசனை, முதலில் அடை மிக்ஸ் செய்யுங்கள். முறுக்கில் ஏறிய எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த சில வாரங்களிலேயே கசக்கத் தொடங்கும். அடைக்கு மாவு புளிக்க வேண்டாம், கொரகொரப்பாக இருந்தாலே ருசி. வேலை முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் கரைத்து ஊற்றிவிடலாம்.

ஒரு கிலோவுக்கான அளவு: சாமை அரிசி 500 கிராம், கடலைப்பருப்பு 150, துவரம்பருப்பு 150, உளுந்து 100, பாசிப்பருப்பு 50, உப்பு 20, காய்ந்த மிளகாய் 15, சீரகம் 10, பெருங்காயத்தூள் 5. கப்பில் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ருசி மாறும்.

சாமையில் பொடிக்கல் இருக்கும். முறத்தில் புடைத்து, தண்ணீரில் அரித்து எடுங்கள். கழுவியதை வெள்ளைத் துணியில் பரப்பி நன்றாகக் காய வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் வெயில் போதாது. ஒரு மணியைக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்தது வறுப்பது. இந்த மிக்ஸின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. தவிடு நீக்காத சாமையைத்தான் நகரத்தில் தேடி வாங்குகிறார்கள், ஆனால் அந்தத் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தானியத்துக்குள் இருக்கும் ஒரு நொதி, அரைத்தவுடன் அந்த எண்ணெயோடு கலந்து அதைச் சிதைக்க ஆரம்பிக்கும். காறல் வாடைக்கு முக்கியக் காரணம் அதுதான். சூடு அந்த நொதியை முடக்கிவிடும். அதனால் அடிகனமான சட்டியில், சிறு தீயில், கைவிடாமல் கிளறி வறுங்கள். சாமை தனியாக, ஒவ்வொரு பருப்பும் தனியாக. எல்லாம் ஒரே நேரத்தில் சிவக்காது. சாமை வாசம் வந்து லேசாக நிறம் மாறினால் போதும், கருக விட்டால் அடை கசக்கும். மிளகாயையும் சீரகத்தையும் மொறுமொறுப்பாகும் வரை சூடாக்குங்கள். உப்பையும் ஈரம் போக வறுக்க வேண்டும்.

முழுவதும் ஆறிய பிறகே மில்லுக்கு எடுத்துச் செல்லுங்கள். ரவை பதத்தில் அரைக்கச் சொல்லுங்கள். மில்லிலிருந்து வரும் மாவு சூடாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு அப்படியே கவரில் கட்டினால் உள்ளே நீர் வியர்த்து, கட்டி பிடித்து, பூசணம் வரும். துணியில் பரப்பி ஆறவிட்டு, பெருங்காயம் கலந்து, சலித்து, அப்புறம் எடை போடுங்கள். போட்ட ஒரு கிலோ அப்படியே கிலோவாக வராது. வறுப்பதிலும் மில்லிலும் கொஞ்சம் குறையும். விலை போடும்போது கையில் கிடைத்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பைக்கு உள்பக்கம் அலுமினியப் பூச்சுள்ள கவர் வாங்குங்கள். வெளிச்சமும் காற்றும் காறலை வேகப்படுத்தும். கண்ணாடிபோல் தெரியும் கவர் பார்க்க அழகு, மாவுக்கு நல்லதல்ல.

எத்தனை மாதம் தாங்கும் என்பதை மற்றவர் பாக்கெட்டைப் பார்த்து எழுதாதீர்கள். முதல் தொகுப்பில் பத்துப் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காமல் சாதாரண அலமாரியில் ஒதுக்கி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, ஒரு அடை சுட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். பழைய எண்ணெய் வாடையோ அடிநாக்கில் கசப்போ எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குப் பல வாரம் முன்பாகவே காலாவதித் தேதி போடுங்கள். பெரிதாக விற்கும் முன் ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஈரப்பதமும் பார்த்துவிடுவது நல்லது.

பாக்கெட்டில் போட வேண்டிய செய்முறைக் குறிப்பு: ஒரு கப் மிக்ஸுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர், 20 நிமிடம் ஊற வேண்டும். ஊறாவிட்டால் பருப்புத் துகள் வேகாது, திருப்பும்போது அடை உடையும். இந்த மிக்ஸை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் பாக்கெட்டை மட்டும் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

வீட்டில் செய்து விற்றாலும் FSSAI பதிவு கட்டாயம், foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். பொருள் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து எழுத வேண்டும். 'சாமை' என்று பெரிதாகப் போட்டால் சாமை 50% என்பதையும் எழுதுங்கள். பெயருக்குக் கொஞ்சம் சிறுதானியம் சேர்த்த பாக்கெட்டுகளைப் பார்த்து ஏமாந்தவர்கள் அந்த எண்ணைத்தான் தேடுவார்கள். 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்றெல்லாம் எழுதவே கூடாது. 'குளூட்டன் இல்லாதது' என்பதிலும் மிகுந்த கவனம் வேண்டும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சாமையில் கிடையாதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், உங்களுக்கு முன்னால் அதே மில்லில் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் அந்த வரியை நம்பிச் சாப்பிட்டால் உடம்புக்கு முடியாமல் போகும். தனி இயந்திரமும் கோதுமை கலக்காத பெருங்காயமும் பரிசோதனை அறிக்கையும் கையில் வரும்வரை அந்த வரியைப் போடாதீர்கள்; 'கோதுமை கலந்திருக்கிறது' என்ற எச்சரிக்கையைப் போடுங்கள்.