மூலம் என்று விட்டுவிட்ட கட்டி

கொங்குப் பக்கம் பேருந்து நிலையங்களைச் சுற்றி 'மூலம், பௌத்திரம்' போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆசனவாயில் ரத்தம் என்றால் நமக்கு முதலில் தோன்றுவதும் மூலம்தான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சில சமயம் அது ஆசனவாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் விரலால் சோதித்துப் பார்க்காமலேயே களிம்பும் லேகியமுமாக மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் பெரிய தவறு. உள்மூலம் மெத்தென்று இருக்கும், விரலுக்குப் பெரும்பாலும் தெரியாது. புற்றுநோய்க் கட்டி கெட்டியாகத் தட்டுப்படும். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோபிப் பக்கம் 55 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சென்டிமீட்டர் கட்டி. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய். காரணம் பெரும்பாலும் உடலுறவில் பரவி, உடம்பில் பல வருடமாகப் போகாமல் தங்கிவிட்ட எச்.பி.வி. வைரஸ். எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்துக் கணவரைச் சந்தேகப்படுவது வீண். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு மட்டும் கூச்சப்பட வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

"வெட்டி எடுத்துருங்க டாக்டர், ஒரேயடியா முடிஞ்சுருமுங்க" என்கிறார் மகன். அவசரம் புரிகிறது. ஆனால் இந்த அளவுக் கட்டியை வெட்டுவதென்றால் ஆசனவாயையே எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக மலம் சேரும் பை வைக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ என்ற அறுவை மருத்துவர், ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்கலாமே என்று கீமோ மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார். அப்புறம் வெட்டி எடுத்த சதையில் தேடினால் புற்றுநோயே இல்லை! அதிலிருந்து கீமோவும் கதிரும்தான் முதல் சிகிச்சை. விளிம்பில் இருக்கும் மிகச் சிறிய கட்டியை மட்டும் வெட்டி எடுப்பதுண்டு.

வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் கதிர். கூடவே மைட்டோமைசின், ஃப்ளோரோயூராசில் என்ற கீமோ மருந்துகள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் தோல் புண்ணாகும், சிறுநீர் எரியும், வயிறு போகும். "நாலு நாள் வீட்டுல இருந்துட்டு வர்றனுங்க" என்று தோன்றுவது அப்போதுதான். மருத்துவர் சொல்லாமல் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி பெருகும். தினமும் பஸ்ஸில் கோவை போய்வருவதை விட மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குவது நல்லது. புகைப்பவராக இருந்தால் அந்த வாரங்களிலாவது நிறுத்த வேண்டும். புண் ஆறத் தாமதமாகும்.

சிகிச்சை முடிந்ததும் கட்டி உடனே மறைந்துவிடாது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றில், சிகிச்சை தொடங்கிய 11வது வாரத்தில் கட்டி முழுதாகப் போகாத பலருக்கு 26வது வாரத்தில் போயிருந்தது. அதனால் சுருங்கிக்கொண்டே வரும் கட்டியைப் பார்த்து 'கேக்கலீங்க' என்று வேறு மருத்துவரிடம் ஓடி ஆபரேஷன் செய்துகொள்வது பெருந்தவறு. கதிர் பட்ட இடத்தில் அவசரமாகத் துணுக்கு எடுத்தால் புண்ணும் ஆறாமல் இழுக்கும். கட்டி பெரிதானாலோ, 26 வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தாலோ துணுக்கு எடுத்து உறுதிசெய்வார்கள். புற்றுநோய் என்றால் அப்போது பை வைக்கும் ஆபரேஷன்.