தட்டச்சு செய்யச் சிரமப்படுபவருக்குப் பதில்: கடைசி வரியில் ஒரு ஆமாம்/இல்லை கேள்வி

கை நடுக்கம் உள்ளவருக்கோ, ஒற்றை விரலால் தட்டுபவருக்கோ ஒரு வரி எழுதுவதே பெரும்பாடு. அவர் "போனில் வீடியோ சத்தம் வரல" என்று அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எந்த போன்? எப்போதிலிருந்து? வால்யூம் பார்த்தீர்களா? ப்ளூடூத் ஆனில் இருக்கிறதா?" என்று நாம் அடுக்கினால், அவர் நான்கு பதில் எழுத வேண்டும். பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு ஆமாம்/இல்லை கேள்வியோடு பதிலை முடியுங்கள்.

முதலில், எதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். எந்தப் பதில் வந்தாலும் பாதிக் காரணங்களாவது கழிந்துபோகும் கேள்விதான் நல்ல கேள்வி. ஸ்பீக்கரே பழுதா, அமைப்பில் கோளாறா என்பதைப் பிரிப்பதுதான் இங்கே முதல் வேலை. பதிலை இப்படி எழுதலாம்:

> இப்போது உங்களுக்கு போன் செய்கிறேன். எடுக்க வேண்டாம், மணி அடிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.
>
> மணிச்சத்தம் கேட்டதா? (ஆமாம் 👍, இல்லை 👎, தெரியவில்லை என்றால் ?)

கேட்டது என்றால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மணிக்கும் வீடியோவுக்கும் வால்யூம் தனித்தனி. அதனால் அடுத்த பதில்: "வீடியோ ஓடும்போது வால்யூம் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஒரு பட்டை வரும். அது அடிமட்டத்தில் இருக்கிறதா?" இல்லை என்று வந்தால் ப்ளூடூத் பக்கம் போகலாம். மணியே கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரைக் குறை சொல்லிவிடாதீர்கள், போன் சைலண்டில் இருக்கலாம். அதை அடுத்த கேள்வியாக்குங்கள்.

பிறகு, கேள்வியின் வடிவத்தைப் பாருங்கள். "சத்தம் வரவில்லையா?" என்று எதிர்மறையில் கேட்காதீர்கள். "ஆமாம்" என்றால் வந்ததா, வரவில்லையா என்று நமக்கே குழப்பம். "பட்டை மேலே இருக்கிறதா, கீழேயா?" என்பதும் உதவாது, அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. "வீடியோவைத் திறந்ததும் சத்தம் வந்ததா?" என்பதில், திறந்தாரா, சத்தம் வந்ததா என்று இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. "புரிந்ததா?" என்று கேட்டால் புரியாவிட்டாலும் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ சொல்லக்கூடியதையே கேளுங்கள்.

கேள்வி தனி வரியில், கடைசியில் நிற்கட்டும். அதன் பின் நன்றியோ வணக்கமோ வேண்டாம். திரைவாசிப்பானில் கேட்பவருக்குக் கடைசியாகக் காதில் விழுவது கேள்வியாக இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் புதிய கேள்வி போடாதீர்கள். பிறகு வரும் 👍 எதற்கு என்று தெரியாமல் போகும். பழைய கேள்வியையே மறுபடி அனுப்புங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழப்பு உள்ள சிலர் ஆமாம், இல்லை இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். எதையாவது அழிக்கும் முன் திருப்பிக் கேட்டு உறுதி செய்யுங்கள். "இந்தப் படங்களை அழிக்கலாமா?" என்றதற்கு ஆமாம் வந்தால், "இவற்றை வைத்திருக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். அதற்கும் ஆமாம் வந்தால் எதையும் தொடாதீர்கள்.

நான்கைந்து கேள்விக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லையென்றால், நம் ஊகப் பட்டியலிலேயே அது இல்லை என்று பொருள். அப்போது கேட்க வேண்டியது: "குரல் பதிவாகச் சொல்ல முடியுமா?"