மஞ்சள் காமாலையை எண்ணும்போது எங்கே சறுக்குகிறோம்

ஒரு தேயிலைத் தோட்டம், அதில் ஒரு டிவிஷன், 300 பேர், எல்லா லயங்களுக்கும் மேலேயுள்ள ஒரே ஊற்றிலிருந்து குழாய் வழியே தண்ணீர் என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் ஹெப்பட்டைட்டிஸ் ஏ பரவுகிறது. ஜூலை 6ஆம் திகதி நீங்கள் பிஎச்ஐயுடன் வீடுவீடாகப் போகிறீர்கள். அன்று 9 பேருக்கு நோய் இருக்கிறது, இன்னும் 15 பேருக்கு ஜூனில் வந்து குணமாகிவிட்டது.

இங்கேதான் முதல் தவறு. 9ஐ 300ஆல் வகுத்து, "இன்சிடென்ஸ் 3 சதவீதம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது பிரிவலன்ஸ், அதாவது அந்த ஒரு நாளில் நோயோடு இருப்பவர்களின் பங்கு. இன்சிடென்ஸ் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குள் புதிதாக நோய் வந்தவர்கள், குணமானவர்களும் அதில் சேர்த்தி, ஆகவே மேலே வரவேண்டிய எண் 24. சரி, கீழே? 300 பேரில் 60 பேருக்கு இந்த நோய் முன்பே வந்துபோனது பதிவில் இருந்தால் அவர்களுக்கு இனி வராது. அவர்களைக் கழித்தால் 240, இன்சிடென்ஸ் 10 சதவீதம். இதுவும் கொஞ்சம் குறைவான மதிப்பீடாகவே இருக்கும், ஏனென்றால் சின்ன வயதில் அறிகுறியே இல்லாமல் வந்துபோனவர்களை இரத்தப் பரிசோதனை இல்லாமல் பிரிக்க முடியாது, அதை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போனால் பிரிவலன்ஸ் 1 சதவீதமாக இறங்கியிருக்கலாம். "நோய் கட்டுப்பட்டுவிட்டது" என்று அதை வைத்துச் சொல்லக்கூடாது. ஆட்கள் குணமானதாலும் அது இறங்கும். புதிதாக யாருக்கும் வரவில்லையா என்பதற்கு இன்சிடென்ஸ்தான் பதில் சொல்லும்.

இதைவிட மோசமான தவறு, எப்போது எத்தனை பேருக்கு நோய் தொடங்கியது என்று கம்பங்களாகக் காட்டும் வரைபடத்தில் நடக்கிறது. கையில் இருப்பது எச் 544 அறிவித்தல் படிவம், அதனால் அதிலுள்ள அறிவித்த திகதியை அப்படியே கிடையச்சில் போட்டு வரைந்துவிடுகிறார்கள். ஆனால் கொழுந்து எடுக்கப் போகிறவர் காய்ச்சல் தொடங்கிய அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, போனால் அன்றைய பேர் போய்விடும், ஞாயிறு வரட்டும் என்று இருப்பார், அப்புறமும் கண் நன்றாக மஞ்சளானால்தான் பஸ் ஏறுவார். அப்படி வரைந்த படம் நோயைக் காட்டாது, ஆட்களுக்கு எப்போது லீவு கிடைத்தது என்பதைத்தான் காட்டும்.

போட வேண்டியது அறிகுறி தொடங்கிய திகதி. சிலருக்குக் காய்ச்சல் வந்த நாள், சிலருக்குக் கண் மஞ்சளான நாள் என்று கலக்காமல், எல்லோருக்கும் ஒன்றையே எடுங்கள். திகதி ஞாபகமில்லை என்பார்கள், சம்பளத்துக்கு முன்னாலா பின்னாலா, போயாவுக்கு எத்தனை நாளுக்கு அப்புறம் என்று கேட்டால் வந்துவிடும். கம்பத்தின் அகலம் நோயரும்பு காலத்தின், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தொடங்கும்வரை போகும் காலத்தின், கால் பங்களவு இருந்தால் போதும். இந்த நோய்க்கு அது சராசரி 28 நாள், ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரு கம்பம்.

நம் டிவிஷனில் ஜூன் 1இல் தொடங்கி வாரவாரியாக 3, 6, 9, 4, 2 என்று வருகிறது. முதல் ஆளுக்கு ஜூன் 4, கடைசி ஆளுக்கு ஜூலை 2. நோயரும்பு காலம் குறைந்தது 15 நாள், கூடினால் 50. எல்லோரும் ஒரே சமயத்தில் தொற்றிக்கொண்டிருந்தால் 35 நாளுக்குள் எல்லோருக்கும் தொடங்கியிருக்க வேண்டும், இங்கே 28 நாள்தான், பொருந்துகிறது. முதல் ஆளிலிருந்து 15 நாள் பின்னால் போனால் மே 20, கடைசி ஆளிலிருந்து 50 நாள் போனால் மே 13. உச்சி வாரத்தின் நடுவிலிருந்து 28 நாள் போனாலும் மே 21 பக்கம்தான் வருகிறது. ஆகவே மே நடுவில் என்ன நடந்தது என்று கேளுங்கள்: குழாய் எங்கே உடைந்தது, பெருமழையில் எந்தக் கக்கூஸ் குழி நிரம்பி ஊற்றுப்பக்கம் வழிந்தது? அறிவித்த திகதியை வைத்திருந்தால் கணக்கு இரண்டு வாரம் தள்ளிப்போய், ஜூன் தொடக்கத்தில் நடந்ததைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வலது ஓரத்துக் கம்பங்களையும் நம்பிவிடக்கூடாது. கடைசி வாரத்தில் 2தான் என்றால் நோய் அடங்கியிருக்கலாம், இல்லை அந்த வாரத்தில் தொடங்கியவர்கள் இன்னும் நம் கணக்குக்கு வராமலும் இருக்கலாம். கடைசித் திகதி மாறினால் மே 13 என்ற எல்லையும் மாறும். அதோடு, ஜூலை நடுவில், அதாவது உச்சி வாரத்துக்கு ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து, இன்னொரு சின்ன மேடு எழும்பினால் உடனே தண்ணீரைக் குற்றம் சொல்லாமல் யார் வீட்டில் வந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் 24 பேரின் தம்பி தங்கைகளாக இருந்தால், அது பெரும்பாலும் வீட்டுக்குள் கைமாறிய தொற்று, ஊற்றுக்குக் குளோரின் போட்டதால் மட்டும் அது நிற்காது.