வேலை முடிந்ததும் கிளையண்டுக்கு அனுப்பும் நன்றி மெயில்: நான் எழுதும் முறை

கடைசி பில் பணம் வந்த மறுநாள்தான் இந்த மெயிலை அனுப்புவேன். பாக்கி நிற்கும்போது அனுப்பினால் பணத்தை நினைவூட்டுவது போலத் தெரியும். டி.டி.எஸ். சான்றிதழ் கேட்பதையும் இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனி மெயில்.

வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னால் ஒரு கைகூப்பும் பொம்மை பதிலாக வரும், அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து அவர் தேடினால் கிடைப்பது மெயில்தான். அதனால் தலைப்பில் "நன்றி" என்று மட்டும் போடாமல் வேலையின் பெயரையும் போடுங்கள்.

பம்ப் உதிரிபாகங்கள் விற்கும் ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்தபோது நான் அனுப்பியது:

> வணக்கம் சார்,
>
> ஆறு மாத வேலை நல்லபடியாக முடிந்தது. விலைப்பட்டியல் ஏற்றும்போது உங்கள் ஸ்டோர்ஸ் ஆளை இரண்டு நாள் என்னோடு உட்கார வைத்தீர்கள். பாகங்களின் பெயர்க் குழப்பம் தீர்ந்தது அதனால்தான். மிக்க நன்றி.
>
> கடவுச்சொற்களும் பேக்கப்பும் ஒப்படைத்துவிட்டேன். செய்த வேலையில் பிழை தெரிந்தால் ஜூலை 31 வரை கட்டணமில்லாமல் சரிசெய்து தருகிறேன்.
>
> டீலர்கள் மொபைலிலேயே ஆர்டர் போடும் வசதி பற்றி மே மாதம் பேசினோம். தீபாவளிக்கு அப்புறம் அதைப் பற்றிக் கேட்க ஒருமுறை கூப்பிடட்டுமா?

பழைய மெயில்களில் நான் சறுக்கியது இந்தக் கடைசி இரண்டு பத்திகளில்தான். முன்பெல்லாம் "வேறு வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று முடிப்பேன். யாரும் சொன்னதில்லை. என்ன வேலை என்று அவரே யோசிக்க வேண்டியிருந்தால் அது அப்படியே கிடந்துவிடும். அவர் வாயாலேயே சொல்லித் தள்ளிப்போட்ட ஒன்றை எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் டொமைன் புதுப்பிக்கும் மாதத்தைக் குறிப்பிட்டு, இரண்டு வாரம் முன்னால் நினைவூட்டுவதாகச் சொல்லலாம். சொன்ன தேதியை உடனே காலண்டரில் போட்டுவிடுங்கள், மறந்தால் மானம் போகும்.

இன்னொரு முறை, "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று எழுதித் தொலைத்தேன். அடுத்த இரண்டு மாதம் பேனர் மாற்று, படம் மாற்று என்று எல்லாமே இலவசம். ஜூலை 31 என்ற தேதியும் "பிழை" என்ற சொல்லும் அந்த அனுபவத்தில் வந்தவை. புது வேலை என்றால் புது கொட்டேஷன் என்று இந்த மெயிலில் விளக்க வேண்டாம். தேதி இருந்தால் அவருக்கே புரியும்.

பின்சேர்க்கை: ஏஜென்சி வழியாக வேலை செய்தவர்கள், இந்த மெயிலை யாருக்கு அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாகக் கடைசி வாடிக்கையாளருக்கு எழுதாதீர்கள். அவரிடம் தனியாக வேலை பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம், பாருங்கள். ஏஜென்சியில் உங்களோடு பேசியவருக்கே எழுதுங்கள். அவர் வேறு கம்பெனிக்குப் போனாலும் உங்களை நினைவில் வைத்திருப்பார். எனக்கு இரண்டு வேலை அப்படித்தான் வந்தது.