ஆண்டுக் காப்புறுதியும் வாடகையும்: மாதங்களுக்குப் பிரிக்கும்போது விடப்படும் தவறுகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஓர் உரக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கணக்காண்டு மார்ச் 31 இல் முடிகிறது. கடைக்கு ஓராண்டு ஒப்பந்தங்கள் மூன்று உள்ளன.

லொறியின் காப்புறுதி 2025 செப்டெம்பர் 18 முதல் 2026 செப்டெம்பர் 17 வரைக்கானது. கட்டுப்பணம் ரூ. 146,000. பழைய காப்புறுதி முடிவதற்கு முன்பே, செப்டெம்பர் 10 இல், காசோலை கொடுத்தாயிற்று. கடைக் கட்டடத்துக்கு 2026 ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான வாடகை ரூ. 480,000. அதையும் மீளப்பெறும் வைப்பு ரூ. 200,000 ஐயும் சேர்த்து ஜனவரி 2 இல் ஒரே காசோலையாகக் கொடுத்தார்கள். மூன்றாவது, பரந்தனில் உள்ள நெற்களஞ்சியம். 2025 ஒக்டோபர் முதல் 2026 செப்டெம்பர் வரைக்கு ரூ. 300,000. பெரும்போக நெல் விற்ற காசு வந்தபின் ஏப்ரலில் முழுவதையும் தருவதாகப் பேச்சு. பணம் கொடுத்தது ஏப்ரல் 10.

கொடுத்த நாளிலேயே செலவினமாக எழுதிவிட்டால், மார்ச் 31 இல் முடியும் ஆண்டில் இந்த மூன்றுக்குமாக 626,000 ரூபா ஏறும். களஞ்சியத்துக்கு ஒரு சதமும் ஏறாது. சரியான தொகை 348,000. அதாவது இலாபம் 278,000 ரூபாவால் குறைந்து தெரியும். வைப்பையும் வாடகைக்குள் போட்டுவிட்டால் இன்னும் 200,000 குறையும். இந்த 348,000 எப்படி வருகிறது என்று பார்த்தாலே, தவறுகள் எங்கே நுழைகின்றன என்பது தெரிந்துவிடும்.

காசோலைத் திகதியில் இருந்து எண்ணுவது

அதிகம் நடக்கும் தவறு இதுதான். 146,000 ஐ 12 ஆல் வகுத்து, காசோலை எழுதிய செப்டெம்பரை முழு மாதமாக எடுத்து, மார்ச் வரை ஏழு மாதம் போடுவார்கள். 85,166.67 வரும். காப்புறுதி உண்மையில் தொடங்குவது செப்டெம்பர் 18 இல். அந்த மாதத்தில் 13 நாள்தான் இருக்கிறது. அன்றிலிருந்து மார்ச் 31 வரை எண்ணினால் 195 நாள். 146,000 ஐ 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 400 ரூபா. ஆகவே இந்த ஆண்டின் செலவினம் 78,000, அடுத்த ஆண்டுக்குப் போகும் முற்கொடுப்பனவு 68,000. மற்ற வழியில் போட்டால் 7,166.67 பிழைக்கும்.

பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத கடை என்பதால், கட்டுப்பணத்தோடு வந்த வரிகளும் இந்த 146,000 க்குள்ளேயே அடங்கும். அவற்றைத் தனியே பிரிக்கத் தேவையில்லை.

பணம் கொடுக்கும் நாளில் காப்புறுதிச் செலவினத்தைத் தொடக்கூடாது:

செப்டெம்பர் 10
காப்புறுதி முற்கொடுப்பனவு – வரவு 146,000
வங்கி – செலவு 146,000

செப்டெம்பர் 30 (13 நாள்)
காப்புறுதிச் செலவினம் – வரவு 5,200
காப்புறுதி முற்கொடுப்பனவு – செலவு 5,200

ஒக்டோபருக்கு 12,400, நவம்பருக்கு 12,000 என்று நாட்களுக்கு ஏற்பத் தொகை மாறும். எக்செல் அட்டவணையில் A நிரலில் பெயர், B இல் தொடக்கம், C இல் முடிவு, D இல் தொகை, E இல் வவுச்சர் இலக்கம், F இலிருந்து முதல் வரிசையில் மாத முடிவுத் திகதிகள் என வைத்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=ROUND(MAX(0,MIN(F$1,$C2)-MAX(EOMONTH(F$1,-1)+1,$B2)+1)*$D2/($C2-$B2+1),2)
```

கடைசி இரண்டு +1 களை விட்டுவிட்டால் ஒவ்வொரு மாதத்திலும் ஒரு நாள் தொலையும். இன்னொரு பொறி திகதி வடிவம். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 18/09/2025 என்று தட்டியது வெறும் எழுத்தாக நின்றுவிடும், சூத்திரம் #VALUE! காட்டும். அது பரவாயில்லை, கண்ணில் படும். 05/09/2025 என்று தட்டினால் சத்தமில்லாமல் மே 9 ஆகிவிடும். திகதி நிரலை மாதப் பெயர் தெரியும்படி dd-mmm-yyyy என்று அமைத்துவிட்டு ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

இதே சூத்திரத்தை வாடகைக்கு இழுத்துவிடாதீர்கள். வாடகை மாதக் கணக்கில் பேசப்பட்டது. பெப்ரவரிக்குக் குறைவாகவும் மார்ச்சுக்குக் கூடுதலாகவும் போட்டால் கணக்கு தப்பாகிவிடாது, ஆனால் மாதத்துக்கு மாதம் வாடகை ஏன் ஏறி இறங்குகிறது என்று முதலாளி கேட்பார். வாடகையை 12 ஆல் வகுத்து, சதம் மிஞ்சினால் கடைசி மாதத்தில் எஞ்சியதை முழுவதாகப் போட்டு முடியுங்கள்.

வைப்பை வாடகையோடு கரைப்பது

காசோலை ஒன்று, ஆனால் அதற்குள் இரண்டு விடயங்கள். 680,000 ஐ அப்படியே வாடகை முற்கொடுப்பனவில் போட்டால், 12 மாதத்தில் வைப்பும் செலவினமாகக் கரைந்துபோகும். கடையைக் காலி செய்யும்போது உரிமையாளரிடம் கேட்க வேண்டிய 200,000 ஏட்டில் எங்கேயும் இருக்காது. ஆளும் கணக்கும் மாறிய இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் காசை நினைவுபடுத்த ஆள் கிடைக்காது.

ஜனவரி 2
வாடகை முற்கொடுப்பனவு – வரவு 480,000
மீளப்பெறும் வாடகை வைப்பு – வரவு 200,000
வங்கி – செலவு 680,000

மாத முடிவுகளில் வாடகைச் செலவினத்துக்கு 40,000 வரவு, முற்கொடுப்பனவுக்கு 40,000 செலவு. மார்ச் 31 இல் செலவினம் 120,000, முற்கொடுப்பனவு மீதி 360,000. வைப்பு அசையாமல் அப்படியே நிற்கும். உரிமையாளர் அந்த வைப்பைக் கடைசி மாதங்களின் வாடகையில் கழிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. ஆகவே பதிவு எழுதமுன் ஒப்பந்தத்தின் அந்தப் பந்தியை வாசிக்க வேண்டும்.

அட்டுறு செலவினத்தைத் தீர்க்காமல் மறுபடி எழுதுவது

களஞ்சியத்தில்தான் அதிகம் இடறுவார்கள். ஒக்டோபரிலிருந்து இடத்தைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஏப்ரல் வரை ஒரு பற்றுச்சீட்டும் கையில் இல்லை. பற்றுச்சீட்டு இல்லை என்பதால் பதிவும் இல்லை என்று விட்டுவிடுவது முதல் பிழை. மாதாமாதம் 25,000 எழுத வேண்டும்:

ஒக்டோபர் 31
வாடகைச் செலவினம் – வரவு 25,000
அட்டுறு வாடகை – செலவு 25,000

மார்ச் 31 இல் அட்டுறு வாடகை 150,000 ஆக நிற்கும். அது கடையின் பொறுப்பு. 78,000, 120,000, 150,000 மூன்றையும் கூட்டினால் மேலே சொன்ன 348,000.

இனி ஏப்ரல் 10. காசோலை 300,000 க்குப் போகிறது. காசேட்டை எழுதுபவர் 'களஞ்சிய வாடகை' என்று பார்த்ததும் வாடகைச் செலவினத்தில் 300,000 ஐயும் போட்டுவிடுகிறார். அட்டுறு வாடகை 150,000 தீராமல் கிடக்கிறது. முந்தைய ஆண்டில் 150,000, இந்த ஆண்டில் 300,000 என்று, 300,000 ரூபா ஒப்பந்தத்துக்கு 450,000 செலவினம் ஏறியாயிற்று. பரீட்சை மீதி அப்போதும் சமப்படும், ஆகவே அதை வைத்துப் பிடிக்க முடியாது.

இந்த ஒரே காசோலையின் பாதி போன ஆறு மாதத்துக்கானது, மறுபாதி வரும் ஆறு மாதத்துக்கானது:

ஏப்ரல் 10
அட்டுறு வாடகை – வரவு 150,000
வாடகை முற்கொடுப்பனவு – வரவு 150,000
வங்கி – செலவு 300,000

ஏப்ரல் 30 இலிருந்து செப்டெம்பர் வரை மாதம் 25,000 முற்கொடுப்பனவிலிருந்து குறைந்துகொண்டு வரும். அதாவது இந்த ஒப்பந்தம் ஏப்ரலில் அட்டுறு அட்டவணையிலிருந்து முற்கொடுப்பனவு அட்டவணைக்கு மாறுகிறது. பழைய வரியை மூடாமல் புதிய வரியை மட்டும் திறந்தால், ஏப்ரல் மாதத்துக்கு இரண்டு 25,000 விழும்.

சிலர் ஆண்டின் முதல் நாளில் அட்டுறு மீதியைத் திருப்பிப் போடும் பதிவை எழுதுவார்கள். அந்த முறையில், காசோலை வரும்போது போன ஆறு மாதத்துக்கான 150,000 ஐச் செலவினக் கணக்கிலேயே எழுத வேண்டும். எது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். திருப்பல் பதிவும் எழுதி, காசோலைக்கு அட்டுறு கணக்கையும் வரவு வைத்தால், அட்டுறு வாடகை 150,000 வரவு மீதியில் நிற்கும். பொறுப்புக் கணக்கு வரவு மீதி காட்டினால் அநேகமாக இதுதான் காரணம். முற்கொடுப்பனவு செலவு மீதி காட்டினால், அநேகமாக ஒப்பந்தம் முடிந்த பிறகும் மாதப் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அட்டவணையைப் பேரேட்டோடு பொருத்தாமல் விடுவது

எக்செலில் ஒரு மீதி, பேரேட்டில் வேறு மீதி என்று இரண்டும் தனித்தனி வழியில் போவது வழக்கம். ஒவ்வொரு மாத முடிவிலும் நான்கு மீதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்தக் கடைக்கு மார்ச் 31 இல் காப்புறுதி முற்கொடுப்பனவு 68,000, வாடகை முற்கொடுப்பனவு 360,000, வைப்பு 200,000, அட்டுறு வாடகை 150,000. வித்தியாசம் வந்தால் அதன் தொகையே துப்பு. 40,000 என்றால் கடை வாடகையின் ஒரு மாதப் பதிவு விடுபட்டிருக்கிறது. 12,400 என்றால் 31 நாள் மாதமொன்றின் காப்புறுதி. வித்தியாசத்தைச் 'சரிக்கட்டும்' பதிவு ஒன்றை எழுதி மூடினால், அடுத்த மாதம் தேடுவது இரட்டிப்பு வேலை.

எல்லாவற்றையும் அட்டவணையில் ஏற்றவும் வேண்டாம். 3,000 ரூபா ஆண்டுச் சந்தாவை 12 ஆகப் பிரிப்பது நேர விரயம். கடையின் அளவுக்கு ஏற்ப ஒரு வரம்பை வைத்து, அதற்குக் கீழே உள்ளதைக் கொடுத்த மாதத்திலேயே செலவினமாக எழுதலாம். ஆனால் வரம்பை ஆண்டுக்கு ஆண்டு மாற்றக்கூடாது. முழுமையான இலங்கை நிதி அறிக்கையிடல் தராதரங்களைப் பின்பற்றும் கம்பனியாக இருந்து, குத்தகை 12 மாதத்துக்கு மேற்பட்டதாக இருந்தால், அந்த வாடகை இந்த அட்டவணைக்கே வராது. அதற்கு எஸ்எல்எப்ஆர்எஸ் 16 இன்படி தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

அட்டவணை தானாக ஓடுவதால் மறக்கப்படுவது, இடையில் முறியும் ஒப்பந்தம். லொறியை டிசம்பர் 31 இல் விற்றுக் காப்புறுதியை இரத்துச் செய்தால், அன்று வரை 105 நாளுக்கு 42,000 போய், முற்கொடுப்பனவில் 104,000 நிற்கும். நாமே இரத்துச் செய்தால், காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் எஞ்சிய நாட்களுக்கு நாள் கணக்கில் காசைத் திருப்பித் தருவதில்லை. குறுங்கால விகிதத்தில் கூடுதலாகக் கழித்துக்கொள்வதே வழமை. 60,000 திரும்பி வருகிறதென்றால்:

வங்கி – வரவு 60,000
காப்புறுதிச் செலவினம் – வரவு 44,000
காப்புறுதி முற்கொடுப்பனவு – செலவு 104,000

அதோடு அட்டவணையில் அந்த வரியின் முடிவுத் திகதியையும் தொகையையும் மாற்ற வேண்டும். திகதியை மட்டும் டிசம்பர் 31 ஆக்கினால், சூத்திரம் 146,000 ஐயும் 105 நாளுக்குள் பரப்பி, ஏற்கெனவே மூடிய செப்டெம்பர், ஒக்டோபர் எண்களையும் மாற்றிவிடும். ஆகவே முதலில் மூடிய மாதங்களின் எண்களைப் பெறுமானங்களாக ஒட்டிவிட்டு, டிசம்பர் கட்டத்தில் வழமையான 12,400 ஐயும் இரத்தால் வந்த 44,000 ஐயும் சேர்த்து 56,400 எனக் கையால் எழுதுங்கள். தொகை நிரலில் 86,000 என்று மாற்றி, இரத்துக் கடிதத்தின் இலக்கத்தை வவுச்சர் நிரலில் குறியுங்கள்.